நெருப்பு இல்லாத ஜாதகம்: மருதூர், 1823 அக்டோபர் 5

சேத்தியாத்தோப்பிலிருந்து விக்கிரவாண்டிச் சாலையில் வடக்கே போனால் வடலூர் வரும். மருதூர், கருங்குழி, மேட்டுக்குப்பம் எல்லாம் அந்த வட்டாரத்துக்குள்தான் இருக்கின்றன. வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்க அடிகள் பிறந்ததும், வாழ்வின் பிற்பகுதியைக் கழித்ததும், மறைந்ததும் இந்தச் சிறு நிலப்பரப்பில். 1867 மே 23 அன்று வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பை இன்றைக்கும் அணைய விடுவதில்லை. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் அவர் வழிபாட்டுக்கு வைத்தது ஒரு விளக்கின் ஒளியை. உருவ வழிபாட்டைத் தாண்டிச் சுடரையே தெய்வமாகக் காட்டியவர் அவர்.

அப்படிப்பட்டவரின் ஜாதகத்தில் நெருப்பு ராசிகள் மூன்றும் காலி. ஒரு கிரகம்கூட அங்கே இல்லை. லக்னமும் அங்கே விழவில்லை. ஜாதகத்தில் நெருப்பு, நிலம், காற்று, நீர் ஆகிய நான்கும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, குறைந்ததையும் மிகுந்ததையும் கொண்டு ஒருவரின் இயல்பைச் சொல்லும் முறை இப்போது தமிழிலும் பரவலாகிவிட்டது. அந்த எண்ணிக்கை எதைச் சொல்லும், எங்கே தடுமாறும் என்று சோதிக்க இந்த ஜாதகத்தைவிடப் பொருத்தமான ஒன்று நம் பக்கத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

பிறப்பு விவரம் பலரும் அறிந்தது. சுபானு ஆண்டு, புரட்டாசி 21, ஞாயிற்றுக்கிழமை, சித்திரை நட்சத்திரம், மாலை ஐந்தரை மணி. இப்படி வழிவழியாக வரும் விவரங்களை அப்படியே ஏற்காமல் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 1823 அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமைதான். அன்று மாலை சூரியன் கன்னியில் 20 டிகிரியைத் தாண்டும் நேரம் என்பதால் புரட்டாசி 21 என்ற தேதியும் சரியாக இருக்கிறது. சந்திரன் துலாமில் ஏறத்தாழ நாலரை டிகிரியில் நிற்கிறது. அது சித்திரை நான்காம் பாதம். நாள், தேதி, நட்சத்திரம் மூன்றும் ஒன்றோடொன்று இசைவதால் இந்தப் பிறப்புக் குறிப்பை நம்பலாம்.

லாகிரி அயனாம்சத்தை வைத்துத் திருக்கணித முறையில் போட்டால் மற்ற நிலைகள் இப்படி வருகின்றன. லக்னம் மீனத்தின் நடுவில் விழுகிறது. பிறந்த நேரம் அரை மணி முன்பின்னாக இருந்தாலும் அது மீனத்தை விட்டு நகராது. சூரியனும் சுக்கிரனும் கன்னியில், சந்திரனும் புதனும் துலாமில், குரு மிதுனத்தில், செவ்வாய் கடகத்தில், சனி ரிஷபத்தின் தொடக்கத்தில். ராகு மகரத்தில், கேது கடகத்தில்.

இனி எண்ணலாம். மேஷம், சிம்மம், தனுசு நெருப்பு ராசிகள். ரிஷபம், கன்னி, மகரம் நிலம். மிதுனம், துலாம், கும்பம் காற்று. கடகம், விருச்சிகம், மீனம் நீர். ஏழு கிரகங்களோடு லக்னத்தையும் சேர்த்து எட்டுப் புள்ளிகள். சூரியன், சுக்கிரன், சனி மூன்றும் நிலத்தில்; சந்திரன், புதன், குரு மூன்றும் காற்றில்; செவ்வாயும் லக்னமும் நீரில். நெருப்புக்கு சுழியம். சூரியன், சந்திரன், லக்னம் மூன்றுக்கும் இரட்டை மதிப்பு கொடுத்து எண்ணுவோரும் உண்டு. அப்படி எண்ணினால் நிலம் 4, காற்று 4, நீர் 3 என்றாகும். நெருப்பு அப்போதும் சுழியம்தான்.

அடுத்தது சரம், ஸ்திரம், உபயம். மேஷம், கடகம், துலாம், மகரம் சர ராசிகள். ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் ஸ்திரம். எஞ்சிய மிதுனம், கன்னி, தனுசு, மீனம் உபயம். இங்கே லக்னம், சூரியன், சுக்கிரன், குரு நான்கும் உபயத்தில். சந்திரன், புதன், செவ்வாய் சரத்தில். ஸ்திரத்தில் சனி மட்டும். ஆக உபயம்தான் மேலோங்கி நிற்கிறது.

ஆனால் ராகு கேதுவைச் சேர்த்ததும் இந்த முடிவு புரண்டுவிடுகிறது. அவை இரண்டும் எப்போதும் நேரெதிர் ராசிகளில் நிற்பவை. நேரெதிர் ராசிகள் எப்போதும் ஒரே தன்மை உடையவை: சரத்துக்கு எதிரே சரம், ஸ்திரத்துக்கு எதிரே ஸ்திரம். எனவே ராகு கேதுவை எண்ணிக்கையில் சேர்த்தால், யாருடைய ஜாதகமாக இருந்தாலும் ஏதாவது ஒரு தன்மைக்கு இரண்டு புள்ளிகள் மொத்தமாகப் போய்ச் சேரும். இங்கே அது சரத்துக்குப் போகிறது. மூன்றாக இருந்த சரம் ஐந்தாகி, நான்கில் நிற்கும் உபயத்தை முந்துகிறது. சேர்க்காமல் எண்ணியவர் இவரைச் சூழலுக்கேற்ப வளைந்து கொடுப்பவர் என்பார். சேர்த்து எண்ணியவர் தானே முன்னின்று புதியது தொடங்குபவர் என்பார். வானம் ஒன்றுதான், எண்ணும் வழக்கம் மட்டும் வேறு. சங்கமும் சாலையும் சபையும் தொடங்கியவர் என்று வள்ளலாரை அறிந்தவர்கள் இரண்டாவது எண்ணிக்கையைத்தான் விரும்புவார்கள். அந்த விருப்பத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய புரட்டல் ஒன்று இருக்கிறது. நாற்பொருள் சமநிலை பார்க்கும் முறை மேற்கில் வளர்ந்தது. 1647இல் வெளிவந்த வில்லியம் லில்லியின் நூலில் லக்னம், சந்திரன், சூரியன் நிற்கும் பருவம் முதலியவற்றைக் கூட்டி உடல்வாகைக் கணிக்கும் வழி இருக்கிறது. உளவியலோடு இணைத்து இன்றைய வடிவில் அதைப் பரப்பியதில் ஸ்டீபன் அரோயோ 1975இல் வெளியிட்ட நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் எண்ணுவது சாயன ராசிகளில், அதாவது அயனாம்சம் கழிக்காத ராசிகளில். நம் பஞ்சாங்கம் நிராயணம். 1823இல் இரண்டுக்கும் இடையே சுமார் 21 டிகிரி 24 நிமிட வித்தியாசம் இருந்தது. முக்கால் ராசிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பெரும்பாலான கிரகங்கள் அடுத்த ராசிக்குத் தாண்டிவிடும்.

அதே மாலையைச் சாயனத்தில் போட்டால் லக்னம் மேஷம் 7 டிகிரி, செவ்வாய் சிம்மம் 18 டிகிரி. இல்லவே இல்லை என்ற நெருப்புக்கு இப்போது இரண்டு புள்ளிகள், அதிலும் ஒன்று லக்னமே. சூரியனும் சந்திரனும் சுக்கிரனும் துலாமில் சேர்ந்து காற்றுக்கு மூன்றைக் கொடுக்கின்றன. புதன் விருச்சிகத்திலும் குரு கடகத்திலும் இருப்பதால் நீருக்கு இரண்டு. சனி மட்டும் ரிஷபத்திலேயே தங்கி நிலத்துக்கு ஒன்று தருகிறது. தன்மைக் கணக்கு இன்னும் தலைகீழ். சரத்துக்கு ஐந்து, ஸ்திரத்துக்கு மூன்று, உபயத்துக்கு சுழியம். ஒரு முறையில் முதலிடம் பிடித்த தன்மை மறுமுறையில் அடியோடு இல்லாமல் போகிறது.

இதில் பிழை எங்கே நேர்கிறது என்றால், மேற்கத்திய நூலின் பலனை எடுத்து நம் ராசிக் கட்டத்தின் மேல் வைத்துப் படிக்கும்போது. சாயன மேஷத்துக்கு எழுதிய பலனை நிராயண மேஷத்துக்குச் சொன்னால், அந்த நூலாசிரியரின் கணக்கில் மேஷத்திலோ ரிஷபத்திலோ இருக்கும் புள்ளியைப் பற்றிப் பேசுகிறோமா என்பதே தெளிவாக இருக்காது. ஒரு கட்டுரையிலோ கணிப்பிலோ எந்த ராசிச் சக்கரம் என்று சொல்லாமல் 'உங்களுக்கு நெருப்பு குறைவு' என்று வந்தால், அந்த வரிக்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

நிராயணத்துக்குள்ளேயே இன்னொரு நெளிவு உண்டு. இந்த ஜாதகத்தில் சுக்கிரன் கன்னியின் 28 டிகிரியைத் தாண்டி, கடைசிப் பகுதியில் வக்கிரமாக நிற்கிறது. லாகிரிக்குப் பதில் பி.வி. ராமன் பயன்படுத்திய அயனாம்சத்தை எடுத்தால் எல்லா நிலைகளும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி முன்னே நகரும். சுக்கிரன் சரியாகக் கன்னி–துலாம் எல்லைக்கோட்டுக்கு வந்துவிடும். கன்னியில் இருந்தால் நிலம், உபயம், நீசம். கூடவே, புதன் சுக்கிரனின் வீடான துலாமிலும் சுக்கிரன் புதனின் வீடான கன்னியிலும் இருப்பதால் பரிவர்த்தனை. துலாமுக்குள் ஒரு கலை அளவு நுழைந்தாலும் காற்று, சரம், ஆட்சி. பரிவர்த்தனை இல்லை. சனியும் ரிஷபத்துக்குள் இரண்டு டிகிரிக்கும் குறைவாகவே வந்திருக்கிறது. திருக்கணிதத்துக்கும் வாக்கியத்துக்கும் சனி விஷயத்தில் எவ்வளவு இடைவெளி வரும் என்பதை அண்மையில் பார்த்தோம்: திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் மீனத்துக்கு வந்த சனி, வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான் வந்தது. 1823இல் மருதூரில் ஓலையில் குறித்தவர் வாக்கியத்தைப் பின்பற்றியிருந்தால், சனியை அவர் மேஷத்தில் எழுதியிருக்கவும் இடமுண்டு. அப்படியென்றால் நெருப்பின் சுழியம் ஒன்றாகிவிடும். எல்லையிலிருந்து இரண்டு டிகிரிக்குள் எத்தனை கிரகங்கள் நிற்கின்றன என்று பார்க்காமல் சொல்லும் எந்தச் சமநிலைக் கணக்கும் அரைகுறைதான்.

சரி, லாகிரியையே ஏற்போம். நெருப்பு சுழியம் என்பது அரிதான செய்தியா? எட்டுப் புள்ளிகளும் ஒன்றையொன்று சாராமல் எந்த ராசியிலும் விழலாம் என்று கொண்டால், ஒரு குறிப்பிட்ட பூதம் விடுபடும் வாய்ப்பு முக்காலை எட்டு முறை பெருக்கினால் வருவது. அது சுமார் 10 சதவீதம். நான்கில் ஏதேனும் ஒன்று விடுபடும் வாய்ப்பு ஏறக்குறைய 38 சதவீதம். உண்மையில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். காரணம், புதன் சூரியனை விட்டு 28 டிகிரிக்கு மேலும் சுக்கிரன் 47 டிகிரிக்கு மேலும் விலகுவதில்லை. மூன்றும் கூட்டமாகவே நகர்கின்றன. ஒரு தெருவில் பத்துப் பேரின் ஜாதகத்தை எடுத்தால் நான்கு பேருக்கு ஏதோ ஒரு பூதம் இல்லாமல் இருக்கும். சர, ஸ்திர, உபயத்தில் ஒன்று விடுபடுவது சற்று அரிது, சுமார் 12 சதவீதம்.

இந்த ஜாதகத்துக்கே வந்தால் இது இன்னும் தெளிவாகும். அந்தப் புரட்டாசியின் அந்த நாள்களில் சூரியன், புதன், குரு, சுக்கிரன், சனி எதுவும் நெருப்பு ராசியில் இல்லை. செவ்வாய் கடகத்தின் கடைசியில் இருந்தது; சிம்மத்துக்குள் போக இன்னும் ஏறக்குறைய ஆறு நாள்கள். சந்திரன் அன்று காலை கன்னியிலும் பிறகு துலாமிலும் இருந்தது. ஆகவே 1823 அக்டோபர் 5 அன்று மேஷம், சிம்மம், தனுசு லக்னங்களில் பிறக்காத எல்லாக் குழந்தைகளுக்கும் நெருப்பு சுழியம். ஒரு நாளில் பன்னிரண்டு லக்னங்களும் சுற்றி வருவதால், அன்று பிறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. கடலூரிலும் தஞ்சாவூரிலும் கல்கத்தாவிலும் அன்று பிறந்து பெயர் தெரியாமல் வாழ்ந்து மறைந்த அத்தனை பேருக்கும் பொதுவான ஒன்றை, ஒரே ஒருவரின் தனி இயல்புக்குக் காரணமாகக் காட்ட முடியாது.

இந்த இடத்தில் சமநிலை முறையின் நூல்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கின்றன. எந்தப் பூதம் இல்லையோ அதைத் தேடியே அந்த மனிதர் வாழ்நாள் முழுதும் அலைவார். இல்லாமையே மிகையாக வெளிப்படும் என்பார்கள். வள்ளலாருக்கு இது அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது: நெருப்பு இல்லாதவர் அணையா அடுப்பை மூட்டினார். கேட்கும்போது மனம் சட்டென்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஐந்து கிரகங்கள் நெருப்பில் இருந்திருந்தால் அதே அடுப்பை நெருப்பின் மிகுதிக்குச் சான்றாகக் காட்டியிருப்போம். இருந்தாலும் சான்று, இல்லாவிட்டாலும் சான்று என்றால் அங்கே நடப்பது கணிப்பு இல்லை. வாழ்க்கை வரலாற்றை முன்பே தெரிந்துகொண்டு கட்டத்துக்குள் தேடுவது அது.

நம் மரபு இதே கேள்வியை வேறு விதமாக அணுகியிருக்கிறது. அதை மேலோட்டமாகக்கூட அறியாமல் பலர் இந்த எண்ணிக்கை முறையை நம்முடையது என்று எண்ணிக்கொள்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வராகமிகிரரின் பிருகத் ஜாதகம் பூதங்களைக் கிரகங்களுக்குக் கொடுக்கிறது: செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு நிலம், குருவுக்கு ஆகாயம், சுக்கிரனுக்கு நீர், சனிக்குக் காற்று. இங்கே பூதம் ஐந்து. சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே இருக்கும் சிதம்பரமே ஆகாயத் தலம். வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்று அழைத்தவர் வள்ளலார். நான்கே பத்திகள் கொண்ட எண்ணிக்கைப் பட்டியலில் அந்த ஐந்தாவதற்கு இடமே கிடையாது.

இந்த முறையில் கேள்வி 'எத்தனை' என்பதிலிருந்து 'எங்கே, எந்த நிலையில்' என்பதற்கு மாறுகிறது. நெருப்புக்குரிய செவ்வாய் எல்லா ஜாதகத்திலும் எங்கோ ஓரிடத்தில் இருக்கத்தான் செய்யும். இல்லாமல் போக வழியே இல்லை. இங்கே அது நீர் ராசியான கடகத்தில், ஐந்தாம் வீட்டில், நீசமாக இருக்கிறது. ஆகாயத்துக்குரிய குரு லக்னாதிபதி. நான்காம் கேந்திரத்தில் இருந்து பத்தாம் வீட்டைப் பார்க்கிறார். அந்தப் பத்தாம் வீடு தனுசு. நெருப்பு ராசி, குருவுக்குச் சொந்த வீடு. எண்ணிக்கையில் வெறும் சுழியமாக விழுந்த ராசி, நம் முறையில் தன் அதிபதியின் நேர்ப்பார்வையில் இருக்கும் தொழில் ஸ்தானம். காலியாக இருக்கும் வீட்டைச் செத்த வீடாக எந்தத் தேர்ந்த ஜோதிடரும் எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்குரியவர் எங்கே, யார் பார்க்கிறார்கள் என்றுதான் கேட்பார். மீன லக்னத்துக்கு நெருப்பு ராசிகள் மூன்றும் 2, 6, 10 ஆம் வீடுகளாக, அதாவது பொருளுக்குரிய அர்த்த திரிகோணமாக அமைகின்றன. ராசியின் பூதம் எந்த பாவத்தில் விழுகிறது என்பதை எண்ணிக்கை முறை கண்டுகொள்வதே இல்லை.

கருங்குழியில் எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றியும் விளக்கு எரிந்தது என்ற கதையை இங்கே கடகச் செவ்வாயோடு இணைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது மேலே சொன்ன அதே பொறி. கதை தெரிந்த பிறகு கட்டத்தில் அதைக் காண்பது எளிது. கட்டத்தை மட்டும் வைத்து அந்தக் கதையை யாரும் சொல்லியிருக்க முடியாது.

சரம், ஸ்திரம், உபயத்தையும் நம் ஜோதிடர்கள் கூட்டிப் பார்ப்பதில்லை. அவற்றைக் குறிப்பிட்ட வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். குடிபுகுவதற்கு ஸ்திர லக்னம் தேடுவது எல்லாருக்கும் தெரிந்தது. பாதகாதிபதியைக் கண்டுபிடிக்க லக்னத்தின் தன்மையே விதி: சர லக்னத்துக்கு 11ஆம் அதிபதி, ஸ்திரத்துக்கு 9ஆம் அதிபதி, உபயத்துக்கு 7ஆம் அதிபதி. மீனம் உபயம் என்பதால் இந்த ஜாதகத்தில் புதன் பாதகாதிபதி. இந்த விதி சரியா தவறா என்பது வேறு கேள்வி. ஆனால் அது எதைப் பார்க்கிறது என்பது தெளிவாக இருக்கிறது. ராகு கேதுவைச் சேர்ப்பதா வேண்டாமா, சந்திரனுக்கு இரட்டை மதிப்பா என்ற குழப்பங்களுக்கு அங்கே இடமில்லை. இரண்டு ஜோதிடர்கள் ஒரே பஞ்சாங்கத்தை எடுத்தால் ஒரே விடைக்கு வருவார்கள். சமநிலை எண்ணிக்கைக்கு அந்த உறுதி கிடையாது என்பதுதான் எனக்கு அதன் மேல் உள்ள முதல் குறை.

சோதித்துப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு, இந்தியாவிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் உடன் பணியாற்றியவர்களும் மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனையில், படிப்பில் சிறந்த மாணவர்களின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றியவர்களின் ஜாதகங்களையும் கலந்து, எது எது என்று பிரித்துச் சொல்லும்படி ஜோதிடர்களிடம் கொடுத்தார்கள். 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகங்களைப் பார்த்து அனுப்பிய விடைகளில் சரியானவை சராசரியாக 46 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 வரும். 2009இல் இதை வெளியிட்டார்கள். ஜோதிடத்தின் எந்தப் பகுதிக்கும் இது நல்ல செய்தி இல்லை. நம் மரபு முறையும் இதிலிருந்து தப்பவில்லை.

பூத சமநிலைக்கு இப்படி ஒரு சோதனையை வைப்பதென்றால் நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எந்த ராசிச் சக்கரம், எந்த அயனாம்சம், வாக்கியமா திருக்கணிதமா, லக்னமும் ராகு கேதுவும் உள்ளேயா வெளியேயா, எல்லையிலிருந்து எத்தனை டிகிரிக்குள் இருந்தால் அந்த ஜாதகத்தை ஒதுக்குவது. 'குறைவு' என்பதற்குப் பலன் இதுதான் என்று ஒரே பொருளையும் எழுதிவிட வேண்டும். தேடலாக வெளிப்படும் என்ற மாற்றுவழியைப் பிறகு திறக்கக் கூடாது. ஒரே வாரத்தில் பிறந்தவர்கள் கூட்டமாக வந்தால் அவர்களுடைய எண்ணிக்கை தானாகவே ஒத்துப்போகும் என்பதால் பல ஆண்டுகளில் பிறந்தவர்களைச் சேர்க்க வேண்டும். பெயர் தெரிந்த யாருடைய ஜாதகமும் அதில் இருக்கக் கூடாது. மருதூர் ஜாதகம் முதலில் ஒதுக்கப்பட வேண்டியது: பிறந்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும், சுக்கிரனும் சனியும் ராசி எல்லையை ஒட்டி நிற்கின்றன.